புற்றுநோய் ஆய்வின் உயிர்வாழ்வுக் கோட்டைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு புற்றுநோய் மருந்தைப் பற்றி "இது எவ்வளவு பலன் தரும்?" என்று மருத்துவரிடம் கேட்டால், பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாக வரும். "இடைநிலை உயிர்வாழ்வு 13 மாதம்" என்பார்கள். அக்காவின் சிகிச்சைக்காக நான் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்ததும் அப்படி ஓர் எண்ணும், படிப்படியாக இறங்கும் ஒரு கோடும்தான். அந்தக் கோட்டை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது என்று பொறுமையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. கட்டுரைகளோ ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. நான் முட்டிமோதிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

## 1. சரியான ஆவணத்தைக் கையில் எடுங்கள்

செய்திக் குறிப்பிலோ மருந்து நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்திலோ இருக்கும் படத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள். அவற்றில் கோடு இருக்கும், ஆனால் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய எண்கள் பல நேரம் இருக்காது. மூல ஆய்வுக் கட்டுரைதான் வேண்டும்.

ஆய்வின் பெயரை PubMed தளத்தில் தேடினால் கட்டுரையின் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். பக்கத்தில் Free PMC article என்று இருந்தால் முழுக் கட்டுரையும் இலவசம். வெளியீட்டாளர் பணம் கேட்டால் உடனே கட்டிவிட வேண்டாம். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி கட்டுரைப் பக்கத்திலேயே இருக்கும். நோயாளியின் குடும்பத்தவர் என்று சொல்லி இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பலர் அனுப்பிவைப்பார்கள். Supplementary Appendix என்ற பின்னிணைப்பையும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். கட்டுரைக்குள் இடம் இல்லாத வரைபடங்கள் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, கட்டுரைக்குள் data cutoff என்று தேடி அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் தகவலை மூடிய தேதி, அதுவரை தெரிந்ததை வைத்துத்தான் கோடு வரையப்பட்டிருக்கிறது. ஒரே ஆய்வு முதலில் ஒரு முறையும், சில ஆண்டுகள் கழித்து நீண்ட காலத் தகவலோடு இன்னொரு முறையும் வெளிவருவது வழக்கம். கையில் இருப்பது பழையதா புதியதா என்று பார்க்காமல் மேலே போனால், பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் வரைபடத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பழகிவிட்டால் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

## 2. கோட்டைப் பார்க்கும் முன் அச்சுகளைப் படியுங்கள்

நிமிர்ந்த அச்சில் சதவீதம் இருக்கும். சில இடங்களில் 100 என்பதற்குப் பதில் 1.0 என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். எதன் சதவீதம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். Overall survival அல்லது OS என்றிருந்தால், உயிரோடு இருப்பவர்களின் பங்கு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் கோடு இறங்கும். Progression-free survival அல்லது PFS என்றிருந்தால், நோய் வளராமல் உயிரோடு இருப்பவர்களின் பங்கு. ஸ்கேனில் கட்டி குறிப்பிட்ட அளவுக்குமேல் வளர்ந்திருந்தாலே கோடு இறங்கிவிடும், ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் சரி. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி. PFS 6 மாதம் என்பதை ஆயுள் 6 மாதம் என்று படித்துவிட்டு உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிமிர்ந்த அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 60 சதவீதத்தில் தொடங்கும் படத்தில் சின்ன இடைவெளிகூடப் பெரிதாகத் தெரியும்.

கிடை அச்சில் காலம். இங்கே பூஜ்யம் என்பது நோய் கண்டுபிடித்த நாள் அல்ல. பெரும்பாலான ஒப்பீட்டு ஆய்வுகளில், நோயாளியை எந்த மருந்துப் பிரிவில் சேர்ப்பது என்று குலுக்கல் முறையில் முடிவான நாள்தான் அது. முதல் சிகிச்சை பலன் தராமல் இரண்டாவது மருந்துக்கு வந்தவர்களின் ஆய்வு என்றால், அவர்கள் நோயோடு வாழ்ந்த முந்தைய மாதங்கள் இந்தக் கோட்டில் சேரவே சேராது.

## 3. பத்துப் பேரை வைத்து ஒரு கோட்டை நீங்களே வரையுங்கள்

இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால், பிறகு எந்தக் கோடும் பயமுறுத்தாது.

கணக்குக்காகப் பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஐந்து பேர் 2, 4, 7, 10, 13 ஆகிய மாதங்களில் இறந்தார்கள். மீதி ஐந்து பேரைப் பற்றி முறையே 5, 9, 15, 18, 20 மாதம்வரை உயிரோடு இருந்தார்கள் என்று மட்டும் தெரியும், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது நம் கையில் இல்லை. இந்த ஐந்து பேரைத்தான் ஆங்கிலக் கட்டுரைகள் censored என்று குறிக்கின்றன. நான் இங்கே "கணக்கு நிறுத்தப்பட்டவர்கள்" என்று எழுதுகிறேன்.

கோடு 100-இல் தொடங்குகிறது. 2-ஆம் மாதம் பத்துப் பேரில் ஒருவர் இறந்தார், ஒன்பது பேர் மிச்சம், கோடு 90-க்கு இறங்குகிறது. 4-ஆம் மாதம் ஒன்பது பேரில் ஒருவர் இறந்தார். 90-ஐ 8/9-ஆல் பெருக்கினால் 80.

5-ஆம் மாதம் ஒருவரின் கணக்கு நிற்கிறது. அவர் இறக்கவில்லை, அதனால் கோடு இறங்காது. ஆனால் இனிமேல் கணக்கில் இருப்பவர்கள் ஏழு பேர்தான். 7-ஆம் மாதம் அந்த ஏழு பேரில் ஒருவர் இறக்கிறார். 80-ஐ 6/7-ஆல் பெருக்கினால் 68.6.

9-ஆம் மாதம் இன்னொருவரின் கணக்கு நிற்கிறது, மிச்சம் ஐந்து பேர். 10-ஆம் மாத இறப்போடு 68.6 × 4/5, அதாவது 54.9. 13-ஆம் மாத இறப்போடு 54.9 × 3/4, அதாவது 41.1. அதன்பின் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை, எனவே கோடு 20-ஆம் மாதம்வரை 41-இல் படுத்தபடியே போய் முடிகிறது.

முறை இவ்வளவுதான். ஒவ்வோர் இறப்பின்போதும், அந்த நொடியில் கணக்கில் இருப்பவர்களில் எத்தனை பங்கு பிழைத்தது என்று பார்த்து, அதைப் பழைய எண்ணோடு பெருக்கிக்கொண்டே போவது. Kaplan–Meier என்று படத்தின் தலைப்பில் இருப்பது இதைத்தான். முதல் இறப்பு கோட்டைப் 10 புள்ளி இறக்கியது, கடைசி இறப்பு கிட்டத்தட்ட 14 புள்ளி இறக்கியது என்பதைக் கவனியுங்கள். ஆள் குறையக் குறைய ஒவ்வொருவரின் எடையும் கூடுகிறது. 6-ஆம் படிக்கு வரும்போது இது தேவைப்படும்.

## 4. கோட்டின்மேல் இருக்கும் சின்னக் குறிகளைத் தேடுங்கள்

கோட்டின் குறுக்கே சின்னச் சின்ன நிமிர்ந்த கோடுகளோ கூட்டல் குறிகளோ தெரியும். ஒவ்வொன்றும் அந்த மாதத்தில் கணக்கு நிறுத்தப்பட்ட நோயாளி. குறி இருக்கும் இடத்தில் யாரும் இறக்கவில்லை. அதைச் சாவு என்று படித்துவிடாதீர்கள், குணமாகிவிட்டார் என்றும் படிக்காதீர்கள்.

கணக்கு ஏன் நிற்கிறது? பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமானது. ஆய்வில் எல்லாரும் ஒரே நாளில் சேர்வதில்லை. தகவலை மூடிய தேதிக்கு 20 மாதம் முன்னால் சேர்ந்தவரைப் பற்றி 20 மாதம்தான் சொல்ல முடியும். அவர் அன்று நலமாக இருந்தார் என்றால் 20-ஆம் மாதத்தில் குறி விழும். இப்படிப்பட்ட குறிகள் கோட்டின் பின்பாதியில் நெருக்கமாக இருக்கும், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வகை, பாதியில் ஆய்வை விட்டுப் போனவர்கள். இவர்களின் குறிகள் கோட்டின் முன்பகுதியில், மூடும் தேதிக்கு வெகு முன்னாலேயே விழும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். கணக்கு நிறுத்தப்பட்டவரின் எதிர்காலமும் தொடர்ந்து கணக்கில் இருப்பவர்களுடையதைப் போலத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. அவர் உடம்பு முடியாமல் போய் வருவதை நிறுத்தியிருந்தால்?

நம் பத்துப் பேரிலேயே பார்க்கலாம். 5-ஆம் மாதமும் 9-ஆம் மாதமும் கணக்கு நின்றவர்கள், மிகவும் நலிந்து போனதால் வரவில்லை, இருவரும் அடுத்த மாதமே இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உண்மையான கோடு 6-ஆம் மாதம் 70-க்கும், 7-ஆம் மாதம் 60-க்கும், 10-ஆம் மாதம் இரண்டு இறப்புகளோடு 40-க்கும், 13-ஆம் மாதம் 30-க்கும் இறங்கியிருக்கும். நாம் வரைந்த கோடு முடிந்த இடம் 41. இரண்டே பேரின் விவரம் தெரியாமல் போனதில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே முன்பகுதிக் குறிகளை இரண்டு பிரிவுகளிலும் எண்ணிப் பாருங்கள். ஒரு பிரிவில் மட்டும் அவை கூடுதலாக இருந்தால், ஏன் விலகினார்கள் என்று கட்டுரையில் தேடுங்கள். நோயாளிகள் சேர்ந்ததும் விலகியதும் கட்டம் கட்டமாகப் போட்ட ஒரு படமாகக் கட்டுரையிலோ பின்னிணைப்பிலோ பெரும்பாலும் இருக்கும். PFS கோடுகளில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தி ஸ்கேனுக்கும் வராமல் போனவர், நோய் வளராதவராகவே கணக்கிலிருந்து வெளியேறுகிறார்.

## 5. இடைநிலையை அளவுகோல் வைத்துப் படியுங்கள்

நிமிர்ந்த அச்சில் 50-இல் அளவுகோலைக் கிடையாக வையுங்கள். கோடு அதை முதலில் தொடும் அல்லது தாண்டி இறங்கும் இடத்திலிருந்து நேராகக் கீழே வாருங்கள். அங்கே இருக்கும் மாதம்தான் இடைநிலை உயிர்வாழ்வு, கட்டுரையில் median. நம் பத்துப் பேரின் கோடு 54.9-இலிருந்து 41.1-க்கு 13-ஆம் மாதத்தில் இறங்கியது, எனவே இடைநிலை 13 மாதம்.

இறந்த ஐந்து பேரை மட்டும் எடுத்து நடுவில் இருப்பவரைப் பார்த்தால் 7 மாதம் வரும். அது தவறு, நீண்ட நாள் இருந்தவர்களையெல்லாம் அது தூக்கி எறிந்துவிடுகிறது. பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள், ஆகவே 20-ஆம் மாதத்தில் 50 சதவீதம் என்பதும் தவறு. 5-ஆம் மாதத்தோடு தகவல் நின்றவரை 20 மாதம் வாழ்ந்தவராக அது எண்ணிவிடுகிறது. இந்த இரண்டு தவறுகளுக்கும் இடம் கொடுக்காமல் இருக்கத்தான் 3-ஆம் படியில் செய்த பெருக்கல் தேவைப்பட்டது.

இடைநிலை 13 மாதம் என்றால், உங்கள் வீட்டு நோயாளிக்கு 13 மாதம் என்று பொருள் அல்ல. பாதிப் பேர் அதற்கு முன்பு இறந்தார்கள், மீதிப் பாதி அதைத் தாண்டினார்கள், அவ்வளவுதான் அது சொல்கிறது. தாண்டியவர்கள் ஒரு மாதம் தாண்டினார்களா, ஐந்து வருடம் தாண்டினார்களா என்பதைப் பற்றி அந்த எண்ணில் ஒரு சொல்கூட இல்லை. அதைத் தெரிந்துகொள்ள, அளவுகோலை நிமிர்த்தி வைத்து 12, 24, 36-ஆம் மாதங்களில் கோடு எங்கே இருக்கிறது என்று படியுங்கள். வீட்டில் பேசுவதற்கு இடைநிலையைவிட இந்த எண்கள்தான் உதவுகின்றன என்பது என் அனுபவம்.

NR என்று போட்டிருந்தால், கோடு இன்னும் 50-ஐத் தொடவில்லை. பார்த்ததும் மகிழ்ச்சி வரும், ஆனால் காரணம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்: மருந்து நன்றாக வேலை செய்கிறது, அல்லது போதிய காலம் ஆகவில்லை. நம் பத்துப் பேரையே 12-ஆம் மாதத்தோடு மூடியிருந்தால் கோடு 54.9-இல் நின்றிருக்கும், NR என்றுதான் அச்சாகியிருக்கும். அதே ஆட்கள், அதே மருந்து. ஒரு மாதம் கழித்து மூடியிருந்தால் 13. அதனால் NR கண்டதும் median follow-up என்ற எண்ணைத் தேடுங்கள், நோயாளிகளைச் சராசரியாக எவ்வளவு காலம் கவனித்திருக்கிறார்கள் என்பது ஏறக்குறைய அதிலிருந்து புரியும்.

## 6. அடியில் இருக்கும் எண் வரிசையைப் படிக்காமல் வாலை நம்பாதீர்கள்

படத்தின் அடியில் No. at risk என்று ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொரு மாதத்திலும் இன்னும் கணக்கில் எத்தனை பேர் என்பது அது. நம் கோட்டுக்கு அதை எழுதினால் தொடக்கத்தில் 10, 6-ஆம் மாதம் 7, 12-ஆம் மாதம் 4, 18-ஆம் மாதத்தைத் தாண்டியதும் 1.

அந்தக் கடைசி ஒருவர் 20-ஆம் மாதத்தில் உயிரோடு இருந்ததால் கோடு 41-இல் படுத்திருக்கிறது. அவர் அன்று இறந்திருந்தால்? 41.1-ஐ 0/1-ஆல் பெருக்க வேண்டும், கோடு நேராகப் பூஜ்யத்துக்கு விழும். ஒரே ஒரு மனிதரின் ஒரு நாளில் 41-க்கும் 0-க்கும் இடையே ஊசலாடும் வாலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வால் நீளமாகப் படுத்திருக்கிறதே என்று நம்புவதும், கடைசியில் செங்குத்தாக விழுகிறதே என்று கலங்குவதும் ஒரே தவறுதான்.

நான் செய்வது இது: வரிசையில் எண் இருபதுக்குக் கீழே போகும் மாதத்தில் பென்சிலால் ஒரு செங்கோடு போட்டுவிடுவேன். அதற்கு வலப்பக்கம் இருப்பதை வைத்து யாரிடமும் பேசமாட்டேன். இருபது என்பது எழுதிவைத்த விதி அல்ல, என் கைக்கணக்கு. செங்கோட்டுக்கு இடப்பக்கமே கோடு படுத்துவிட்டது, அங்கே இன்னும் நிறையப் பேர் கணக்கில் இருக்கிறார்கள் என்றால், அந்தப் படுக்கை உண்மையிலேயே நல்ல செய்தி.

## 7. இரண்டு கோடுகளை ஒப்பிடும்போது: IPASS என்ற ஆய்வு

இடைநிலையை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் பார்த்ததில்லை. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள, புகைக்காத அல்லது முன்பு கொஞ்சமாகப் புகைத்த 1,217 ஆசிய நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இது. ஒரு பிரிவுக்கு கெஃபிட்டினிப் மாத்திரை, மற்றதுக்கு கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் சேர்ந்த கீமோ.

PFS இடைநிலை மாத்திரைப் பிரிவில் 5.7 மாதம், கீமோ பிரிவில் 5.8 மாதம். இந்த எண்களோடு நிறுத்தினால் இரண்டும் ஒன்று என்றே தோன்றும். ஆனால் அளவுகோலை 12-ஆம் மாதத்தில் நிமிர்த்தி வையுங்கள். மாத்திரைப் பிரிவில் ஏறக்குறைய 25 சதவீதத்தினர் நோய் வளராமல் இருக்கிறார்கள், கீமோ பிரிவில் 7 சதவீதத்தினர். கோடுகள் ஏறக்குறைய 6-ஆம் மாதத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. முதலில் கீமோ மேலே, பிறகு மாத்திரை மேலே. இடைநிலை இருக்கும் 50 சதவீத உயரம் தற்செயலாக அந்த வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்டது.

ஏன் வெட்டின? ஒரே கோட்டுக்குள் இரண்டு வகை நோயாளிகள் கலந்திருந்தார்கள். கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை தெளிவாகவே மேல். மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல், மாத்திரைப் பிரிவில் அவர்களின் நோய் சீக்கிரமே வளர்ந்தது. அவர்கள் முதல் மாதங்களில் கோட்டைக் கீழே இழுத்தார்கள், மற்றவர்கள் பின்மாதங்களில் அதை மேலே தாங்கினார்கள்.

இப்போது HR என்ற எண்ணுக்கு வரலாம். ஒரு பிரிவில் நிகழ்வு, அதாவது இறப்போ நோய் வளர்வதோ, நடக்கும் வேகத்தை மற்றதன் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. 1 என்றால் வித்தியாசம் இல்லை, 1-க்குக் கீழே என்றால் புதிய மருந்துப் பிரிவில் நிகழ்வு மெதுவாக நடக்கிறது. IPASS-இல் மொத்தமாக 0.74. மரபணு மாற்றம் உள்ளவர்களில் 0.48, இல்லாதவர்களில் 2.85. மொத்தமாகச் சொன்ன 0.74 இந்த இரண்டு குழுக்களில் எதற்கும் பொருந்தவில்லை. கோடுகள் வெட்டிக்கொண்டால் ஒற்றை HR எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, நோயாளிகளைப் பிரித்து வரைந்த கோடுகளைப் பின்னிணைப்பில் தேடுங்கள்.

இன்னொன்று. இதே ஆய்வின் OS கோடுகள் பின்னர் வந்தபோது இடைநிலை 18.8 மாதமும் 17.4 மாதமும்தான், HR 0.90. நோய் வளர்ந்த பிறகு நிறையப் பேர் மற்றப் பிரிவின் மருந்துக்கு மாறினார்கள் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். OS கோடுகள் ஒட்டியிருந்தால், பிறகு எந்த மருந்து கொடுத்தார்கள் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

## 8. மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

வரைபடத்தை, அடியில் இருக்கும் எண் வரிசையோடு, ஒரே தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் அந்தச் சின்ன எண்களை இருவரும் சேர்ந்து பார்ப்பது நடக்காத காரியம். அதே தாளில் மூடிய தேதி, OS-ஆ PFS-ஆ, 12 மற்றும் 24-ஆம் மாத சதவீதங்கள், உங்கள் பென்சில் செங்கோடு ஆகியவை இருக்கட்டும். நோயியல் அறிக்கையும் மரபணுப் பரிசோதனை அறிக்கையும் கூடவே இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ஆய்வில் எங்கள் ஆளைச் சேர்த்திருப்பார்களா?" கட்டுரையில் Eligibility என்ற பகுதியை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். நடமாட முடியாதவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ சரியில்லாதவர்கள், மூளைக்குப் பரவிச் சிகிச்சை பெறாதவர்கள் ஆகியோரைப் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. உங்கள் நோயாளி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், மருத்துவர் கோட்டைச் சற்றுக் கீழே தள்ளித்தான் படிப்பார். எவ்வளவு கீழே என்று கேளுங்கள். துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், தன் நோயாளிகளில் பார்த்ததை வைத்து ஒரு மதிப்பீடு சொல்வார்.

இரண்டாவது, "எங்களுக்குப் பொருந்தும் உட்குழுவின் கோடு தனியாக இருக்கிறதா, அதில் எத்தனை பேர்?" உட்குழுவில் முப்பது பேர்தான் என்றால், 6-ஆம் படியில் வாலுக்குச் சொன்னது அந்த முழுக் கோட்டுக்கும் பொருந்தும்.